எத்தனை வருசத்துக்கு, தம்பி?

எங்கள் தையல் யூனிட்டில் சனிக்கிழமை சம்பள நாள். திருப்பூரில் பெரும்பாலும் எல்லா இடத்திலும் அப்படித்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் கேஷ் எண்ணி, பெயர் எழுதிய கவரில் போட்டு, மேஜை மேல் வரிசையாக அடுக்கிவைப்பேன். போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கவர் எழுதி முடித்த பிறகும், எங்களுக்குத் தையல் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை. முப்பத்தோரு கவர், உள்ளே எதுவும் இல்லை. பக்கத்து பிரிண்டிங் பட்டறைக்காரர் கைமாற்றாகக் கொடுத்து அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றினார்.

அந்த ராத்திரிதான் கடன் வாங்குவது என்று முடிவானது. கணக்கு நோட்டில் நான் எழுதிய தொகை 20 லட்சம். பத்து மெஷின், டேபிள், கம்ப்ரசர், வயரிங் எல்லாம் சேர்த்து 12. பார்ட்டி பணம் தள்ளிப்போகும் இடைவெளியைச் சமாளிக்க 8. கையில் இருந்த வழிகள் இரண்டு. வீட்டை வைத்து வாங்கும் சொத்து அடமானக் கடன் ஒன்று. வங்கிக்காரர்கள் அதைச் சுருக்கமாக 'லேப்' என்கிறார்கள். எதையும் வைக்காமல் கையெழுத்தை மட்டும் நம்பித் தரும் பர்சனல் லோன் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாரையும் போல நானும் முதலில் வட்டியைத்தான் பார்த்தேன். நான் விசாரித்தபோது வங்கியில் லேப் 10.5 சதவீதம் சொன்னார்கள். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு பர்சனல் லோன் 17 சதவீதம். மாதச் சம்பளக்காரர் என்றால் இதே பர்சனல் லோன் நாலைந்து சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். நம் வருமானம் மேலும் கீழும் போகும் என்பதற்கு அவர்கள் போடும் விலை அது. ஒரு ஏஜென்ட் மட்டும் போனில், "சார், ஒம்போது பர்சென்ட்தான்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் கேட்டால் அது ஃபிளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும், முதல் நாள் அசலுக்கே ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஒன்பது, குறையும் அசலுக்குப் போடும் வட்டியில் 16 சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் கீழே நிற்கிறது. இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர விகிதம் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும், இந்த வித்தை எடுபடாது.

சரி, பத்தரைக்கும் பதினேழுக்கும் இடையில் ஆறரை சதவீதம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. லேப் என்று முடிவு செய்து, வங்கியில் உட்கார்ந்து, அந்த அதிகாரி கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டிய தவணையையும் பார்த்துவிட்டேன். மாதம் 22,108 ரூபாய். பர்சனல் லோனில் அதே 20 லட்சத்துக்கு 49,705 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாதிக்கும் கீழே.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. 22,108 என்பது 15 வருடத்துக்கு. 49,705 என்பது 5 வருடத்துக்கு. நான் ஒப்பிட்டது வட்டியையே இல்லை, காலத்தை.

வீட்டுக்கு வந்து ஆற அமரக் கணக்குப் போட்டேன். பர்சனல் லோனில் ஐந்து வருடத்தில் கட்டும் மொத்த வட்டி 9 லட்சத்து 82 ஆயிரம். லேப்பில் 15 வருடத்தில் கட்டும் மொத்த வட்டி 19 லட்சத்து 79 ஆயிரம். வட்டி விகிதம் குறைந்த கடனில், வட்டியாகப் போகும் பணம் இரண்டு மடங்கு. இன்னொன்றையும் பார்த்தேன், அதுதான் என்னை உலுக்கியது. 15 வருட லேப்பில் ஐந்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினால் கட்டியிருக்கும் தொகை 13 லட்சத்துக்கு மேல். அன்றைய தேதியில் பாக்கி அசல் 16 லட்சத்து 38 ஆயிரம். பதிமூன்று லட்சம் கொடுத்து மூன்றரை லட்சத்தைத்தான் குறைத்திருப்பேன். ஐந்து வருடத்தில் ஓவர்லாக் மெஷின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்திருக்கும். அதை வாங்கிய கடனில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே நிற்கும்.

நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் காலத்தைச் சமமாக வைக்க வேண்டும். லேப்பையே ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணை 42,988, மொத்த வட்டி 5 லட்சத்து 79 ஆயிரம். பர்சனல் லோனைவிட நான்கு லட்சம் மிச்சம். அந்த ஆறரை சதவீதத்தின் உண்மையான மதிப்பு இந்த நான்கு லட்சம்தான். மாதக் கணக்கில் சொன்னால் 6,700 ரூபாய். குறைந்த வட்டி தரும் லாபம் இவ்வளவுதான் என்றால், தவணை பாதியாகத் தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நீண்ட காலமே. அது லாபமில்லை, தள்ளிப்போட்டது.

அப்படியானால் அந்த அதிகாரி ஏன் நேராக 15 வருடத்துக்குப் போனார்? என்னை ஏமாற்றவா? இல்லை. இதைப் புரிந்துகொள்ள, அவர்கள் நம் தகுதியை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். என் வருமான வரிக் கணக்கில் லாபம் 6 லட்சத்து 80 ஆயிரம். அதோடு தேய்மானமாகக் காட்டிய 1 லட்சத்து 60 ஆயிரத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். ஏனென்றால் அது கையை விட்டுப் போன பணமில்லை. ஆக 8 லட்சத்து 40 ஆயிரம், மாதத்துக்கு 70 ஆயிரம். அதில் பாதிதான் எல்லாக் கடன் தவணைக்கும் சேர்த்துப் போகலாம் என்பது என் வங்கியின் அளவு. 35 ஆயிரம். ஏற்கெனவே டெம்போவுக்கு 9,500 போகிறது. மிச்சம் 25,500. புதுக் கடனின் தவணை இதைத் தாண்டக்கூடாது.

இப்போது இந்த 25,500-ஐ வைத்துப் பின்னோக்கி வாருங்கள். பதினேழு சதவீதம், ஐந்து வருடம் என்றால் எனக்குக் கிடைக்கும் பர்சனல் லோன் ஏறக்குறைய 10 லட்சம்தான். அதாவது அந்த 49,705 என்ற எண்ணே வெறும் காகிதக் கணக்கு; 20 லட்சத்தை ஒரே இடத்தில் எனக்கு யாரும் தரப்போவதில்லை. இரண்டு மூன்று இடத்தில் ஒரே வாரத்தில் விண்ணப்பித்து, ஒருவருக்குத் தெரிவதற்குள் இன்னொருவரிடம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் லைனிலேயே ஒருவர் அப்படி மூன்று கடன் வாங்கிவிட்டு, நான்காவது கடனை முதல் மூன்றின் தவணைக்காக வாங்கினார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

லேப்பில் ஏழு வருடம் என்றால் அதே 25,500-க்கு 15 லட்சம் வரும். பத்து வருடம் என்றால் பத்தொன்பதுக்கு அருகே. நான் கேட்ட 20 லட்சம் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்க வேண்டுமென்றால் காலத்தை 15 வருடமாக நீட்ட வேண்டும். அதிகாரி செய்தது அதைத்தான். நான் தொகையைச் சொன்னேன், அவர் அதற்குப் பொருந்தும் காலத்தைச் சொன்னார். கடன் மேஜையில் காலம் பெரும்பாலும் இப்படித்தான் தீர்மானமாகிறது. எதற்காக வாங்குகிறோம், அது எத்தனை நாளில் திரும்பி வரும் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. வங்கிக்கு அந்தக் கேள்வி தேவையில்லை; வீடு இருக்கிறதே.

வீடு பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். வீடு அப்பா பெயரில். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டாவை மாற்றவில்லை, சொத்துவரி ரசீதுகூட இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. லேப்புக்கு ஒவ்வொரு தாளாகக் கேட்க ஆரம்பித்தார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கட்டட வரைபட அனுமதி. தாய்ப் பத்திரம் தாத்தா காலத்துப் பாகப் பிரிவினை. அதில் கிழக்கு எல்லையாக 'பொது வண்டிப்பாதை' என்று இருந்தது. இப்போது அங்கே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு. வங்கி வக்கீல் அதற்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மதிப்பீட்டாளர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, மாடியைப் பார்த்ததும் நோட்டை மூடினார். மாடிக்கு அனுமதி வாங்கவில்லை, அப்பா தானாகக் கட்டியது. கணக்கில் சேர்க்கவில்லை. நான் 62 லட்சம் பெறும் என்று நினைத்த வீடு அவர் தாளில் 48 லட்சம் ஆனது. அதில் 60 சதவீதம் வரை தருவார்கள் என்பதால் எனக்குப் பிரச்சினை வரவில்லை. ஆனால் தன் வீட்டின் சந்தை விலையை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முக்கியமான தாள் வாரிசுச் சான்றுதான். அதில் மூன்று பெயர். அம்மா, அக்கா, நான். சொத்தில் பங்குள்ள எல்லாரும் கடனில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏஜென்ட் ஒரு சுலப வழி சொன்னார்: "அக்காகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிருங்க சார். அப்புறம் நீங்க, அம்மா ரெண்டு பேர்தான். ஈசியா முடிஞ்சுரும்." என் தொழில் கடனுக்காக அக்காவின் பங்கை எழுதி வாங்குவதா? அந்த வாக்கியத்தை அவர் எத்தனை சர்வ சாதாரணமாகச் சொன்னார் என்பது இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா ஈரோட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மாமா வெளியே போயிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, பர்சனல் லோனைவிட எவ்வளவு மிச்சம் என்று நோட்டைத் திறந்து காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை.

"எத்தன வருசத்துக்கு, தம்பி?"

"பதினஞ்சு சொல்றாங்கக்கா."

"பதினஞ்சா? அம்மாக்கு இப்ப அறுவத்தெட்டு."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. காபி போடப் போய்விட்டாள். நான் அந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆபத்து என்ற விஷயத்தை அதுவரை நான் மேலோட்டமாகத்தான் நினைத்திருந்தேன். லேப் என்றால் வீடு போகும், பர்சனல் லோன் என்றால் போகாது என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்ததும், அப்புறம் ஆடிட்டரிடமும் தெரிந்த வக்கீலிடமும் கேட்டதும் சேர்ந்து வேறு படம் கொடுத்தது.

பர்சனல் லோன் கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும்? முதலில் போன் வரும். வசூலிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் சாயங்காலம் 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. எல்லாரும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழும். தானியங்கித் தவணை திரும்பினால், காசோலை திரும்பியது போலவே அதற்கும் குற்ற வழக்குப் போடலாம். கடன் பத்திரத்தில் நடுவர் மன்றம் என்று ஒரு ஷரத்து இருக்கும். அங்கே போய்த் தீர்ப்பு வாங்கி, நீதிமன்றம் மூலம் என் சொத்தை ஜப்தி செய்யக்கூட வழி உண்டு. ஆகவே 'அடமானம் இல்லை, வீட்டைத் தொடமுடியாது' என்பது பாதி உண்மைதான். ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். அதைவிட முக்கியம், அவர்கள் தொடமுடிவது என் பங்கை மட்டும்தான். அம்மாவின் பங்குக்கும் அக்காவின் பங்குக்கும் அந்தக் கடனோடு சம்பந்தமே இல்லை.

வங்கியின் லேப் வேறு மாதிரி. தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில், நீதிமன்றத்துக்கு முதலில் போகாமலேயே வங்கி நடவடிக்கை எடுக்கலாம். 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும், மொத்தப் பாக்கியையும் கட்டச் சொல்லி. கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தும் சுவாதீன நோட்டீஸ். வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரிலும் போடுவார்கள், அதில் ஒன்று தமிழ்ப் பேப்பர். அப்புறம் ஏல அறிவிப்பு. இதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் போக வேண்டும். நடைமுறையில் தாமதங்கள் இருக்கும், வங்கியும் பேசித் தீர்க்கத்தான் பார்க்கும். ஆனால் காகிதத்தில் இருக்கும் பாதை, முதல் தவணை தவறிய நாளிலிருந்து வருடக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். அந்தப் பாதையின் முடிவில் இருப்பது மூன்று பேரின் பங்கும் சேர்ந்த முழு வீடு. என் பார்ட்டி ஐந்தாறு மாதம் பணத்தை இழுத்தால், எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்படும் தாளில் அம்மாவின் பெயரும் அக்காவின் பெயரும் இருக்கும்.

இன்னொன்று வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. இணைக் கடன்தாரர் என்றால் அக்காவின் சிபிலிலும் இந்தக் கடன் ஏறும். மாமாவும் அவளும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போனால், என்னுடைய 20 லட்சம் அவள் கணக்கில் பாரமாக நிற்கும். நான் ஒரு மாதம் பத்து நாள் தாமதித்தால் அது அவள் பெயரிலும் பதிவாகும். அவர்கள் அடுத்த வருடம் வீடு கட்டும் யோசனையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

ஆடிட்டரின் யோசனை வேறு. "பதினஞ்சு வருசத்துக்கே எடுங்க. தவணை கம்மி, மூச்சு விடலாம். நல்ல மாசத்துல கூடுதலாக் கட்டிக் கடனைக் குறைங்க. யாரு தடுக்கறாங்க?" என்றார். தர்க்கப்படி அது சரிதான். வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் குறைந்த கட்டாயத் தவணை ஒரு பாதுகாப்பு. ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, கடன் பத்திரத்தில் தொழில் தேவைக்கான கடன் என்று இருந்ததால், வருடத்துக்குப் பாக்கியில் 25 சதவீதத்துக்கு மேல் முன்கூட்டிக் கட்டினாலோ மொத்தமாக முடித்தாலோ 3 சதவீதக் கட்டணம். இரண்டு, என்னை எனக்குத் தெரியும். நல்ல மாதம் வந்தால் இன்னொரு மெஷின் வாங்குவேன். பதினைந்து வருடத் தவணையை வாங்கிவிட்டு ஏழு வருடத்தில் தானாக முடிக்கிற ஒழுக்கம் உள்ளவர் அதைச் செய்யலாம். நான் அவர் இல்லை.

இந்த முன்கட்டணம் பற்றி ஒரு வயிற்றெரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்காக வாங்கும் மாறும் வட்டிக் கடன்களுக்கு வங்கிகள் முன்கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. சிறு நிதி வங்கி போன்ற சில வகைகளுக்கு வரம்புகள் தனி. இது 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும், புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு. என் கடன் அனுமதியானது 2025 நவம்பர். ஜனவரியில் ஆடிட்டர் போனில் இதைச் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. ஆறு வாரம் பொறுத்திருந்தால் அவருடைய யோசனையில் எனக்கிருந்த முதல் ஆட்சேபம் இருந்திருக்காது. இப்போது புதிதாக எடுக்கிறவர்கள் 'மாறும் வட்டிதானா' என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் வருகிறது. அதற்கு இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது.

சரி, நான் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன். அக்காவின் கேள்வியை வைத்துக்கொண்டு கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். முதலில் காலம், அப்புறம் தொகை.

மெஷின் எத்தனை வருடம் ஒழுங்காக ஓடும்? எங்கள் வேலைக்கு ஏழு வருடம் என்று வைத்தேன். அதற்கு மேல் அதன் கடன் நிற்கக்கூடாது. ஏழு வருடம் என்றால் என் தகுதிக்கு 15 லட்சம்தான் வரும் என்று ஏற்கெனவே பார்த்தோம். ஆக 20-ஐ 15 ஆக்க முடியுமா என்று நோட்டைத் திறந்தேன். பார்ட்டி பணம் தாமதமாகும் இடைவெளிக்கு 8 லட்சம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பயத்தில் எழுதிய எண். நிஜத்தில் பணம் முன்பைவிட நான்கு வாரம் தள்ளி வருகிறது. வாரத்துக்குச் சம்பளம், கரண்ட், நூல், வாடகை எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம். நான்கு வாரத்துக்கு 5 லட்சம். அவ்வளவுதான் ஓட்டை. மெஷினில் இரண்டு ஃபிளாட்லாக்கைத் தள்ளிவைத்தேன், 2 லட்சம் குறைந்தது. பத்தும் ஐந்தும் பதினைந்து.

பதினைந்து லட்சம், 10.5 சதவீதம், 84 மாதம். தவணை 25,291. மொத்த வட்டி 6 லட்சத்து 24 ஆயிரம்.

அந்த 5 லட்சத்தை மட்டும் பர்சனல் லோனாக எடுத்து, வீட்டின் மேல் 10 லட்சத்தோடு நிறுத்தலாமா என்றும் பார்த்தேன். சுழலும் பணம், இரண்டு வருடத்தில் தீர்த்துவிடக்கூடியது. 17 சதவீதத்தில் இரண்டு வருடத்துக்கு வட்டி 93 ஆயிரம், லேப்பில் 56 ஆயிரம். வித்தியாசம் 37 ஆயிரம்தான். இந்தத் தொகைக்கு மட்டும் யாராவது தனியாக வீட்டை அடமானம் வைத்தால், அந்த 37 ஆயிரத்திலும் பெரும்பகுதி காகிதச் செலவில் போய்விடும்: வக்கீல் கருத்து, மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பைப் பதிவது, கடைசியில் அதை ரத்து செய்வது. ஆக, ஐந்து லட்சத்துக்கும் கீழே, இரண்டு மூன்று வருடத்துக்குள் முடிகிற தேவைக்குத் தயங்காமல் பர்சனல் லோன் எடுக்கலாம் என்பது என் கருத்து. பதினேழு சதவீதம் என்பது கேட்கத்தான் பயம். என் விஷயத்தில் அது நடக்காமல் போனது, இரண்டு வருடத் தவணையான 24,721-ஐயும் சேர்த்தால் என் 25,500 வரம்பு தாங்காது என்பதால்தான். பத்து லட்ச லேப்பின் தவணையே 16,861.

காகிதச் செலவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து லட்சத்துக்கு ஒரு சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 17,700. வக்கீல், மதிப்பீட்டாளர், பதிவுச் செலவு, பத்திர எழுத்தர் என்று இன்னொரு முப்பதாயிரம் போனது. அதோடு 60 ஆயிரத்துக்குச் சொச்சம் பிரீமியம் ஒன்றைக் கடனோடு சேர்த்திருந்தார்கள், எனக்கு ஏதாவது ஆனால் கடனை அடைக்கும் காப்பீடு. எண்ணம் நல்லதுதான், அக்காவும் அம்மாவும் கையெழுத்துப் போட்ட பிறகு அது அவசியமும்கூட. ஆனால் அந்தப் பிரீமியத்துக்கும் ஏழு வருடம் வட்டி கட்ட வேண்டும். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, வெளியில் தனியாக டேர்ம் பாலிசி எடுத்தேன். முதலில் 'கட்டாயம்' என்றார்கள். கட்டாயம் என்று எழுதித் தரச் சொன்னதும் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது.

விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. பர்சனல் லோன் நான்கு நாளில் வந்திருக்கும். அவசரம் என்று ஒன்று இருந்தால் லேப் உதவாது. அந்தச் சனிக்கிழமை முப்பத்தோரு கவர் காலியாக இருந்தபோது லேப் விண்ணப்பம் எனக்கு என்ன செய்திருக்கும்?

மறுபடியும் ஈரோடு போனேன். இந்த முறை மாமாவும் இருந்தார். ஏழு வருடம், பதினைந்து லட்சம், சிபில் விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஒன்றுதான் கேட்டார்: "வீட்டுக் கடனுக்கு நாங்க போகையில உங்க அக்கா பேரைச் சேக்காம என் பேர்ல மட்டும் எடுத்துக்கலாமா?" எடுக்கலாம், அவர் சம்பளத்துக்குத் தாங்கும். அவர் ஏற்கெனவே அதை விசாரித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் பதினொன்றரைக்கு. அம்மாவின் ரேகை மெஷினில் விழவே இல்லை. விரலைத் துடைத்துத் துடைத்து நான்காவது தடவை விழுந்தது. அசல் பத்திரங்களை வங்கி ஆள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார். கடன் முடிந்து 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்கிக்கொண்ட பத்திரங்களின் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்தேன், தாய்ப் பத்திரம் உட்பட ஒவ்வொன்றும் எத்தனை பக்கம் என்பதோடு.

ஐந்தாம் தேதி தவணை. முதல் தவணை போனதும் அக்காவுக்கு அந்த வங்கிக் குறுஞ்செய்தியை அப்படியே அனுப்பினேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த மாதமும் அனுப்பினேன், அடுத்த மாதமும் "சரி". நான்காவது மாதம் பார்ட்டி பணம் தள்ளிப்போய், ஐந்தாம் தேதி காலை கணக்கில் பதினெட்டாயிரம்தான் இருந்தது. ஓட்டைக்கென்று தனியாக வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் போட்டேன், மத்தியானம் தவணை போனது. குறுஞ்செய்தியை அனுப்ப அன்றைக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. ஏழு மணிக்கு அக்காவே போன் செய்தாள், "அம்மா சாப்ட்டாங்களா?" என்று.